கைப்பிடி மட்டும் நம்முடையது

அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். குடைக்குத் துணி கட்டும் வளைந்த ஊசி எப்போதும் அவள் சட்டைக் காலரில் குத்தியிருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவளிடம் ஐந்து நிமிடம் பேசியவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கடை அவளுடைய அண்ணனுடையது. கடைவீதியின் திருப்பத்தில், மேலே வீடு, கீழே கடை. முன்பக்கம் அண்ணன் நின்று விற்பான். பின்பக்கம் சன்னலோரம் ஊசியின் பலகை, அதில் பழுது பார்ப்பு. மாடியில் அண்ணி, குடையின் கம்பிக்கூட்டில் துணியைப் பொருத்திக் கட்டுகிற வேலை. போகிற குடை அண்ணன் கண்ணில், வருகிற குடை ஊசி கண்ணில் என்பது அந்த வீட்டு ஏற்பாடு. ஏற்பாடு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது, அந்த வருஷம் வரைக்கும்.

அந்தக் கடைக் குடையை ஊரே தூரத்திலிருந்து அடையாளம் சொல்லும். தேன் நிறத்தில் வளைந்த மரக் கைப்பிடி, அது தண்டோடு சேரும் இடத்தில் ஒரு பித்தளை வளையம். பேருந்தில் ஒருவர் கையில் அதைப் பார்த்தால் பக்கத்து இருக்கைக்காரர், "அந்தக் கடையில வாங்குனதா? அப்ப மழைக்காலம் தாங்கும்" என்பார். கடை வாசலில் பலகை வேறு தொங்கியது: 'ஒரு மழைக்காலம் எங்கள் பொறுப்பு.' பருவம் முடிவதற்குள் குடை உடைந்தால் கேள்வியே இல்லை, மாற்றித் தருவார்கள். அண்ணன் அந்தப் பலகையை வருஷத்துக்கு ஒரு முறை துடைப்பான். மாற்றித் தரவேண்டிய நிலை அதைவிடக் குறைவாகத்தான் வந்திருந்தது.

அன்று காலை முதலில் வந்தவர் தபால்காரர். முதுகு நனைந்த கோபத்தோடு மழைக்கோட்டைப் பலகை மேல் போட்டார்.

"போன வருஷம் வாங்குனது. தோள்ல தண்ணி இறங்குது. தையல் போச்சு போல."

ஊசி கோட்டை உள்பக்கமாகப் புரட்டினாள். தையல் மேல் ஒட்டியிருந்த நாடாவை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அது அசையவில்லை. பிறகு தோள்பட்டைத் துணியை இரண்டு விரலுக்கு இடையில் வைத்துத் தேய்த்தாள். பொடிப் பொடியாகத் தோல் உரிந்து விரலில் ஒட்டியது.

"தையல் நல்லாத்தான் இருக்கு. உள்பூச்சுதான் உரிஞ்சிருச்சு. நனைஞ்சதை அப்படியே மடிச்சுப் பைக்குள்ள திணிச்சீங்களா?"

"அவசரத்துல திணிக்கிறதுதான்."

"அப்ப கோட்டைத் திட்டாதீங்க. ஈரத்தோட வெந்துபோச்சு. இனிமே இது தூறலுக்கு ஆகும், மழைக்கு ஆகாது. பை மூடுறதுக்கு வெச்சுக்குங்க."

தபால்காரர் முணுமுணுத்துக்கொண்டே அங்கேயே நின்றார். கோட்டைத் திட்ட முடியாது என்றான பிறகு வேறு எதையாவது திட்டிவிட்டுத்தான் போவார் என்று ஊசிக்குத் தெரியும். ஆனால் அதற்குள் வாசலில் வேறு ஒரு ஆள் வந்துவிட்டார்.

பெரிய நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் பச்சைப் பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் மருந்து கொடுக்கிற இருபத்தொன்பது பெண்களுக்குத் தலைவி. இரண்டு வாரத்துக்கு முன்னால் தன்னையும் சேர்த்து முப்பது பேருக்கு முப்பது குடை இந்தக் கடையிலேயே எடுத்துப் போயிருந்தார். இப்போது அவர் முழங்கையில் ஒரு கட்டு. கையில் இருந்த பொருளைக் குடை என்று சொல்ல மனசு வரவில்லை. செத்த காக்கையைக் காலைப் பிடித்துத் தூக்கிவந்த மாதிரி இருந்தது.

"முந்தாநாள் பாலத்துல போனேன். ஒரே ஒரு காத்து. அப்படியே மேல திரும்பிருச்சு. அதைப் பிடிக்கப் போய் நான் விழுந்தேன். மருந்துப் பெட்டி தண்ணில." அவர் குரலை உயர்த்தவில்லை. "என் ஒருத்திக்கு மாத்தித் தாங்கன்னு வரல. இன்னும் பெருமழை ஆரம்பிக்கல. ஆரம்பிச்சா என் பொண்ணுங்க இருபத்தொன்பது பேரும் இதே குடையோட இதே பாலத்துலதான் போவாங்க. மத்ததும் இப்படித்தானா, அதைச் சொல்லுங்க."

அண்ணன் முன்பலகையிலிருந்து நகர்ந்து வந்தான். குடையை வாங்கினான். கைப்பிடியைப் பார்த்தான், கம்பியைப் பார்த்தான். கம்பி மேல் அவன் கட்டைவிரல் ஒரு நொடி நின்றது. ஊசி அதைக் கவனித்தாள்.

"கைப்பிடி நம்முடையதுதான்மா. ஆனா கூடு நம்முடையது இல்ல. இது மாதிரிக் கம்பி நாங்க வைக்கிறதே இல்லை. எங்கயோ ரிப்பேருக்குக் குடுத்திருக்கீங்க, கூட்டை மாத்திட்டு அனுப்பிட்டான்."

"வாங்குன நாள்லேர்ந்து என் கையை விட்டு எங்கயும் போகல."

"உங்க பொண்ணுங்க குடையோட மாறியிருக்கும். முப்பதும் ஒண்ணு போலத்தான இருக்கு." அண்ணன் சிரித்தான். கடைக்காரச் சிரிப்பு, பல்லில் தெரியும், கண்ணில் தெரியாது. பிறகு திரும்பாமலே, "நீயே பாத்துச் சொல்லு, இது நம்ம கம்பியா?" என்று ஊசியிடம் நீட்டினான்.

நீட்டும்போது அவன் கை ஒரு அழுத்தம் கொடுத்தது. நாற்பது வருஷம் கூடவே இருந்த தங்கைக்கு அந்த அழுத்தத்துக்கு அகராதி தேவையில்லை. இல்லைன்னு சொல்லு, நான் அப்புறம் பேசிக்கறேன். அதுதான் அதன் பொருள்.

ஊசி குடையைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

கூடு என்பது எட்டுக் கம்பி. கடையின் பழைய கம்பி தகட்டை மடித்துச் செய்த வாய்க்கால் போல இருக்கும். கட்டைவிரல் நகம் அந்த வாய்க்காலுக்குள் பாதிக்கு மேல் இறங்கும். இதில் நகம் இறங்கவே இல்லை, மேலேயே வழுக்கிக்கொண்டு போனது. தகடு மெல்லியது, மடிப்பு ஆழமில்லை, கனம் தெரியக் கறுப்பு மையைத் தடிப்பாகப் பூசியிருந்தார்கள். தண்டிலிருந்து தாங்குகம்பி வந்து சேரும் மூட்டில் பழைய கூட்டுக்கு இரண்டு பக்கமும் கவ்விய கிளிப்பு இருக்கும். இதில் ஒரு பக்கத் தகடு மட்டும் ஆணியடித்து நின்றது. மூன்று கம்பி அந்த மூட்டிலேயே மடங்கியிருந்தன, நாலாவது ஆணியோடு பிய்ந்து தொங்கியது. நனைந்து இரண்டு நாள்தான், அதற்குள் மை கீறிய இடத்திலெல்லாம் துரு.

அண்ணன் சொன்னது பாதி உண்மை. இந்தக் கம்பியை அந்தக் கடையில் இதற்குமுன் அவள் பார்த்ததே இல்லை.

துணியைப் பார்த்தாள். நெருக்க நெசவு, தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழவில்லை. பக்கத்துக் குவளையிலிருந்து தண்ணீர் தெளித்தாள், முத்து முத்தாக உருண்டு ஓடியது. கடைத் துணியேதான். ஆனால் அதுவும் சாட்சி ஆகாது, பழைய துணியைப் பிரித்துப் புதுக் கூட்டில் கட்டத் தெரிந்த ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள்.

அப்புறம் மூட்டுகளில் கட்டியிருந்த நூலைப் பார்த்தாள். அங்கே அவள் கை நின்றுவிட்டது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சும்மா இருக்க ஒரு வழி இருந்தது, அது எவ்வளவு சுலபம் என்பதும் தெரிந்தது. "இல்ல" என்று ஒரு சொல். நர்ஸம்மா போய்விடுவார். அண்ணன் இரவு ஏதாவது காரணம் சொல்வான். அவளுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு கூரை கிடையாது, இந்தப் பலகையை விட்டால் வேறு வேலை கிடையாது. அண்ணன் சோற்றில் கைவைத்து அண்ணனையே எதிர்க்கிறாள் என்று நாளைக்கு ஊர் வாய் பேசும். பேசட்டும் என்று நினைத்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. விழுந்த கையோடு ஒருத்தி நிற்கிறாள், அவள் பொய் சொல்கிறாள் என்று இந்தக் கடை அவள் முகத்துக்கு நேராகச் சொல்கிறது. அதற்குத் தன் வாயையும் கடன் கேட்கிறது.

"நம்ம குடைதான்," என்றாள் ஊசி.

"கம்பியைப் பாருன்னேன்."

"கம்பியையும் பாத்தேன். கட்டுன விதத்தையும் பாத்தேன். இந்த நூல் எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கு. இந்த ஊர்ல இடக்கையால குடை கட்டுறவங்க ஒருத்தர்தான். மாடியில இருக்காங்க."

கடையில் அப்போது ஆறேழு பேர் இருந்தார்கள். தபால்காரர் கோட்டை மறந்துவிட்டு முன்னால் வந்தார்.

"பழைய கட்டு அப்படியே இருந்திருக்கும்," என்றான் அண்ணன். குரல் கொஞ்சம் இறுகியிருந்தது.

"கட்டைப் பிரிக்காம கூட்டை மாத்த முடியாது. பிரிச்சுத் திரும்பக் கட்டுனா துணியில பழைய ஊசித் துளை தெரியும். இங்க ஒரு மூட்டுக்கு ஒரே ஒரு ஜோடித் துளைதான், எட்டு மூட்டுலயும். அண்ணி இந்தத் துணியை இந்தக் கம்பியிலதான் கட்டுனாங்க. இது இந்தக் கடைக்குள்ள பொறந்தது. வெளிய யாரும் கைவைக்கல."

அண்ணன் வாய் திறப்பதற்குள் அவள் முன்பலகைக்குப் போய் மேல்தட்டிலிருந்து ஒரு புதுக் குடையை எடுத்தாள். உறையைக் கழற்றினாள். விரித்தாள். ஒரு கம்பியின் நுனியைப் பிடித்து ஒரு சாண் அளவு வளைத்து விட்டாள். கம்பி திரும்பி வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பியோடு நீளவாக்கில் பார்த்தாள், பிறகு பெரிய நர்ஸிடம் நீட்டினாள்.

"நீங்களே பாருங்க. மத்த ஏழும் ஒரு மாதிரி போகுது. இது மட்டும் கோணல். நல்ல எஃகு வளைச்ச பிறகு பழையபடி நிமிரும். இது வளைஞ்ச இடத்தை ஞாபகம் வெச்சுக்கும். காத்து ரெண்டு தரம் தள்ளுனா மூணாவது தரம் அதுவே திரும்பிக்கும்."

அடுத்து தன் பலகையிலிருந்து, கைப்பிடி மாற்ற வந்திருந்த போன வருஷத்துக் குடை ஒன்றை எடுத்து அதே மாதிரி வளைத்து விட்டாள். கம்பி 'டிங்' என்று நிமிர்ந்தது.

"கைப்பிடி மட்டும் நம்முடையது," என்றாள். அதைப் பெரிய நர்ஸிடம் சொல்லவில்லை.

அண்ணன் எல்லோரையும் நாளைக்கு வரச்சொல்லிக் கதவைச் சாத்தினான். பட்டப்பகலில் அந்தக் கடையைச் சாத்தியது அன்றுதான் முதல் தடவை.

"உனக்கு என்ன கேடு?" என்றான். "வழக்கமா கூடு குடுக்குறவன் கை விரிச்சுட்டான். மழை தலைக்கு மேல நிக்குது, கீழ்த்தட்டுல பழசு கொஞ்சம்தான் மிச்சம். கிடைச்சதை எடுத்தேன். சாதாரண மழைக்குத் தாங்கும்னு நெனச்சேன். நான் என்ன ஊரை ஏமாத்தணும்னா எடுத்தேன்?"

"எடுத்தப்போ தெரியாது, சரி. இன்னைக்குக் கம்பியைத் தொட்டதும் தெரிஞ்சுதே. அப்புறமும் நர்ஸம்மாவைத்தானே பொய்யாக்குனே?"

"ஒண்ணை ஒத்துக்கிட்டா முப்பதையும் மாத்தணும். முப்பதை மாத்துனா ஊரே வரிசை கட்டும். கடை எங்க நிக்கும்?"

"பலகையை எதுக்கு மாட்டுனோம்? ஓட்டையை மறைக்கவா?"

அண்ணி மாடிப்படியில் பாதியில் நின்றிருந்தாள். கேட்காமலே சொன்னாள்: "கட்டும்போதே சொன்னேன், கம்பி லேசா இருக்குன்னு. கட்டுன்னாரு. கட்டுனேன்." அப்படியே மேலே போய்விட்டாள்.

அண்ணன் முகம் சிவந்தது. ஒரு பெண்ணிடம் தோற்கலாம், இரண்டு பெண்களிடம் ஒரே நாளில் தோற்பது கடினம்.

"நாளைக்கு அந்தம்மா வந்தா, தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லு. சொல்ல முடியாதுன்னா இந்தக் கடைக்குள்ள உனக்கு இடம் கிடையாது."

"கடைக்குள்ளதானே கிடையாது," என்றாள் ஊசி.

மறுநாள் காலை அண்ணன் கதவைத் திறந்தபோது வாசல் படிக்கு அந்தப் பக்கம், தெருவோரம், கூரைத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் ஒரு முக்காலி, ஒரு மரப்பெட்டி, அதன் மேல் இடுக்கி, சின்னச் சுத்தி, நூல்கண்டு. முக்காலியில் ஊசி. தெரு அண்ணனுடையது அல்ல. அதை இரண்டு பேருமே யோசித்துப் பார்த்து ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

"எழுந்து உள்ள வா. ஊர் சிரிக்குது."

"ஊர் சிரிக்குறது என்னைப் பாத்து இல்ல."

அன்றைக்கு முதலில் குடை வாங்கி வெளியே வந்தவர் ஒரு கல்லூரிப் பெண். ஊசி கையை நீட்டினாள். "குடும்மா, பாத்துத் தரேன்." அந்தப் பெண் கொடுத்தாள். கட்டைவிரல் கம்பியில் ஓடியது, அவ்வளவுதான் வேலை.

"துணி நல்ல துணி. கம்பிதான் மண்ணாங்கட்டி. வெயிலுக்குப் பிடி, ராணி மாதிரி இருப்ப. மழைக்கு ஆகாது. உள்ள போய்க் கீழ்த்தட்டுல இருக்குறதைக் கேளு. அது போன வருஷத்துக் கூடு, ரெண்டு மழைக்காலம் நிக்கும்."

பெண் உள்ளே போனாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கீழ்த்தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். தன் கடையிலேயே தன் சரக்கை வாங்கவிடாமல் தடுத்து, தன் சரக்கையே வாங்க அனுப்புகிறாள். இதை என்னவென்று சொல்லிப் போலீசில் புகார் கொடுப்பது?

அடுத்த நாள் செய்தி பரவிவிட்டது. அன்றன்று குடை வாங்கினவர்கள் மட்டும் அல்ல, ஏற்கெனவே வாங்கியவர்களும் வர ஆரம்பித்தார்கள். ஊசி யாரையும் பயமுறுத்தவில்லை, பொய்யும் சொல்லவில்லை. நல்ல கூடு வந்தால் "தைரியமாப் போங்க" என்பாள். பைக்குள் மடிகிற மூன்று மடிப்புக் குடையோடு ஒருவர் வந்தார், இதுவும் அந்தச் சரக்கா என்று பதறிப்போய். "இது இந்தக் கடையே இல்ல. கம்பி ஃபைபர், வளையும், ஒடியாது. ஆனா மடிப்பு மூட்டுல மணல் போகவிடாதீங்க" என்று அனுப்பினாள். தபால்காரர் தினமும் வந்து நின்றார். அவரிடம் இப்போது பார்க்கக் குடையும் இல்லை, கோட்டும் இல்லை. வேடிக்கைதான்.

திரும்பி வந்த பெரிய நர்ஸின் குடையை அவள் அங்கேயே உட்கார்ந்து சரி செய்தாள். பெட்டியில் அவள் சேர்த்து வைத்திருந்த பழைய கூடுகளில் எட்டுக் கம்பியும் ஒழுங்கான ஒன்றை எடுத்து, பழைய கட்டுகளைப் பிரித்து, துணியை மாற்றிக் கட்டினாள். மூட்டு உரசித் துணி கிழியாமல் இருக்க ஒவ்வொரு மூட்டிலும் சின்னத் துணித்துண்டு வைத்தாள். நுனிகளில் நூல் இரண்டு சுற்று அதிகம்.

"இது ஒண்ணு தாங்கும்," என்றாள். "மத்த இருபத்தொன்பதுக்கும் எங்கிட்ட கூடு இல்ல. அது உள்ள இருக்குறவர் செய்யவேண்டியது."

"செய்வாரா?"

"செய்யாம எங்க போவாரு? நான் இங்கதான் இருக்கேன்."

பெரிய நர்ஸ் புதிதாகக் கட்டிய குடையை வாங்கிக்கொள்ளவில்லை. "பொண்ணுங்களுக்கு நல்லது கிடைக்குற வரைக்கும் எனக்கு மட்டும் வேண்டாம். பெட்டி மேலயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் பழைய பிளாஸ்டிக் உறையைத் தலையில் போர்த்திக்கொண்டு போனார். அவரும் லேசுப்பட்ட ஆள் அல்ல.

அண்ணன் ஒரு தடவை காசு கொடுத்து ஒரு ஆளை அனுப்பி, ஊசிக்குக் கண் மங்கிவிட்டது என்று கடைவீதியில் சொல்லச் சொன்னான். அந்த ஆள் சொல்லப்போன இடத்தில் அவனுடைய குடையையே ஊசியிடம் காட்டி வரச்சொல்லிவிட்டார்கள். அவன் காட்டினான். கீழ்த்தட்டுக் குடைதான், நன்றாக இருந்தது. "நல்ல குடை. வாய்தான் சரியில்ல" என்றாள் ஊசி. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை.

அப்புறம் பெருமழை வந்தது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வானம் கறுத்த வேகத்தைப் பார்த்தே ஊசி பெட்டியைத் தாழ்வாரத்துக்கு உள்ளே இழுத்துக்கொண்டாள். காற்று முதலில், மழை அப்புறம். தெருவில் போனவர்கள் எல்லாம் கடைத் தாழ்வாரத்துக்குள் ஒதுங்கினார்கள். உள்ளேயும் கூட்டம். பெரிய நர்ஸும் ஓடிவந்து நின்றார். தபால்காரர் எப்போதும் போல முதலிலேயே வந்திருந்தார்.

மாடியிலிருந்து அண்ணி இறங்கி வந்தாள். கடைக்கு முன்பக்கம் அவள் வருவதே அபூர்வம்.

"நம்ம பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரம். போய்க் கூட்டிட்டு வாங்க."

அண்ணன் மழையைப் பார்த்தான். அண்ணி மேல்தட்டிலிருந்து ஒரு புதுக் குடையை எடுத்தாள், உறையைக் கழற்றினாள், இடக்கையால் அவனிடம் நீட்டினாள். கடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் கை கைப்பிடியை வாங்கியது. வாங்கியதும் வழக்கமாகச் செய்வதைச் செய்தது, கட்டைவிரல் மேலே போய்க் கம்பி மேல் ஓடியது. அங்கே நின்றுவிட்டது.

"வேற குடு."

"வேற எது?" என்றாள் அண்ணி. "நம்ம கடைக் குடைதானே?"

அவன் கீழ்த்தட்டைத் திரும்பிப் பார்த்தான். கீழ்த்தட்டு காலி. ஊசி அனுப்பிய ஆட்கள் எல்லாவற்றையும் வாங்கிப் போயிருந்தார்கள். அவன் குடையைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தான். படியில் நின்று, யாரும் கேட்காத மாதிரிச் சொல்ல முயன்றான். மழைச் சத்தத்தில் உரக்கத்தான் சொல்லவேண்டியிருந்தது.

"அந்தப் பெட்டி மேல இருக்குறதைக் குடு."

"அது நர்ஸம்மாவோடது," என்றாள் ஊசி.

பெரிய நர்ஸ் தலையாட்டினார். "பிள்ளைக்குன்னா எடுத்துட்டுப் போங்க."

ஊசி குடையை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கும்போது விடவில்லை, பிடித்துக்கொண்டே சொன்னாள்: "இது பாப்பாவுக்கு. உனக்கு உன் சரக்கு கையிலயே இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். திட்டுவான் என்று தபால்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். திட்டவில்லை. இரண்டு குடையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான். திருப்பத்தில் மழை அவனை மறைத்துவிட்டது.

யாரும் கலையவில்லை. மழை விட்டிருந்தாலும் கலைந்திருக்க மாட்டார்கள்.

எவ்வளவோ நேரம் கழித்துத் திருப்பத்தில் ஒரு குடை தெரிந்தது. காற்று அதைப் பின்னால் தள்ளியது, கம்பிகள் வளைந்தன, நிமிர்ந்தன. அதற்குக் கீழே பாப்பா, புத்தகப்பையோடு, பாவாடை ஓரம் மட்டும் நனைந்து, மழையை ரசித்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் அண்ணன். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது, சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, செருப்பில் தண்ணீர் கொப்பளித்தது. கையில் புதுக் குடை.

அது மடித்தபடியே இருந்தது. கட்டுப் பட்டியின் பொத்தான்கூடக் கழற்றப்படவில்லை.

அவன் படியேறி வந்தான். கூட்டம் வழிவிட்டது.

"ஏன் சார், விரிக்கலையா?" என்றார் தபால்காரர்.

அண்ணன் குடையைக் கதவோரம் சாய்த்து வைத்தான். விரித்தால் பாலத்தில், பள்ளிக்கூட வாசலில், அத்தனை பேருக்கும் எதிரே அது என்ன ஆகும் என்று அங்கிருந்த யாரைவிடவும் அவனுக்கு நன்றாகத் தெரியும். முழுதாக நனைவது என்று அவன் முடிவு செய்திருக்கிறான், போகும் வழி முழுக்க, வரும் வழி முழுக்க. ஊசிக்கு அதைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அதற்காக முக்காலியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பெரிய நர்ஸ் பக்கம் திரும்பினான். "உங்க முப்பதையும் கொண்டு வரச் சொல்லுங்கம்மா. நல்ல கூடு வரவெச்சு மாத்தித் தரேன்."

"முப்பது இல்ல," என்றாள் ஊசி. "எல்லாம்."

"ஏய், கடையை மூடவேண்டியதுதான்."

"மூடு. ஆனா மேல்தட்டுல இருக்குறதைக் கீழ இறக்கிட்டு மூடு."

தண்ணீர் அவன் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாப்பா அப்பாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணி மாடிக்குப் போகவில்லை.

அண்ணன் உள்ளே போனான். மேல்தட்டுக்கு ஏணியைச் சாத்தினான். முதல் குடைக்கட்டை இறக்கித் தரையில் வைத்தான், இரண்டாவதை இறக்கினான். மூன்றாவதை இறக்கும்போது ஏணியிலிருந்தே, திரும்பாமல் சொன்னான்:

"இதை எல்லாம் பிரிக்கணும். துணி நல்ல துணி, வீணாக்கக் கூடாது. அங்கயே உக்காந்திருந்தா யாரு பிரிக்கிறது?"

"முதல்ல நீ நர்ஸம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் ஊசி, முக்காலியிலிருந்தே. "அன்னைக்குச் சொன்னதை மாத்திச் சொல்லணும். இத்தனை பேருக்கும் கேக்கணும்."

எல்லோருக்கும் ஏணியில் நின்ற முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெளியே மழை ஊற்றியது.

"அது எங்க குடைதாம்மா," என்றது அந்த முதுகு. "கம்பியும் எங்களுதுதான்."

ஊசி சுத்தியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள், எழுந்தாள், படியேறி உள்ளே போனாள்.